திட்ட விலக்கம்: ஒரு ஃபண்டின் ஏற்ற இறக்கத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கும் முறை

ஒரு ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டைத் திறந்தால், ரிட்டர்ன் எண்களுக்குக் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கும்: திட்ட விலக்கம், 11.8%. ரிட்டர்ன்கள் தங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு அது. புதிதாக முதலீடு செய்ய வருபவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள், அல்லது "குறைவாக இருந்தால் நல்லது" என்று ஒற்றை வரியில் மனதில் போட்டுக்கொள்வார்கள். அந்த எண்ணை ஒரே ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், அது எதைச் சொல்கிறது, எங்கே கண்ணை மூடிக்கொள்கிறது என்பது இரண்டும் தெரிந்துவிடும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், கடைசியில் ஒரு வர்க்கமூலம், வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு கற்பனை ஃபண்டை எடுத்துக்கொள்வோம். யூனிட் விலை 100-இல் தொடங்குகிறது. பன்னிரண்டு மாத முடிவு விலைகள் இவை:

| மாதம் | விலை | மாத ரிட்டர்ன் (%) | சராசரியிலிருந்து விலக்கம் | வர்க்கம் |
|---|---|---|---|---|
| தொடக்கம் | 100.00 | | | |
| 1 | 103.00 | 3 | 2 | 4 |
| 2 | 100.94 | −2 | −3 | 9 |
| 3 | 104.98 | 4 | 3 | 9 |
| 4 | 106.03 | 1 | 0 | 0 |
| 5 | 100.73 | −5 | −6 | 36 |
| 6 | 106.77 | 6 | 5 | 25 |
| 7 | 108.91 | 2 | 1 | 1 |
| 8 | 107.82 | −1 | −2 | 4 |
| 9 | 111.05 | 3 | 2 | 4 |
| 10 | 107.72 | −3 | −4 | 16 |
| 11 | 113.11 | 5 | 4 | 16 |
| 12 | 111.97 | −1 | −2 | 4 |

படி 1: விலையை ரிட்டர்னாக மாற்றுங்கள்

ஒவ்வொரு மாத விலையையும் அதற்கு முந்தைய மாத விலையால் வகுத்து, 1-ஐக் கழிக்க வேண்டும். 103-ஐ 100-ஆல் வகுத்தால் 1.03, ஒன்றைக் கழித்தால் 0.03, அதாவது 3%. அடுத்த மாதம் 100.94-ஐ 103-ஆல் வகுத்தால் 0.98, அதாவது −2%. பன்னிரண்டு ரிட்டர்ன் வேண்டுமானால் பதின்மூன்று விலைகள் தேவை. தொடக்க விலையை விட்டுவிட்டு ஒரு மாதத்தைத் தொலைப்பது அடிக்கடி நடக்கும்.

அதைவிடப் பெரிய தவறு, இந்தப் படியையே தாண்டிவிட்டு விலைப் பட்டியலுக்கு நேரடியாகத் திட்ட விலக்கம் போடுவது. மாதம் தவறாமல் சரியாக 1% மட்டும் ஏறும் ஒரு ஃபண்டை நினைத்துப் பாருங்கள். அதில் ஏற்ற இறக்கம் என்பதே கிடையாது. திட்ட விலக்கம் பூஜ்யம் வர வேண்டும். ஆனால் 100, 101, 102.01 என்று போகும் விலைகளுக்குப் போட்டால் ஓராண்டில் 4-ஐ ஒட்டி ஓர் எண் வரும். அது வளர்ச்சியை ஏற்ற இறக்கமாகக் காட்டும் எண். ஃபண்ட் நன்றாக வளர வளர அது "ஆபத்தானதாக" மாறிக்கொண்டே போகும்!

ஃபண்ட் இடையில் டிவிடெண்ட் கொடுத்திருந்தால், அன்று யூனிட் விலை அந்த அளவு இறங்கியிருக்கும். அதை நட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிவிடெண்ட் கொடுக்காமல் லாபத்தை ஃபண்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் 'குரோத்' வகையின் விலையை எடுங்கள், இல்லையென்றால் அந்த மாத ரிட்டர்னைக் கணக்கிடும்போது மட்டும் கொடுத்த தொகையை அந்த மாத விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: சராசரி, விலக்கம், வர்க்கம்

பன்னிரண்டு ரிட்டர்ன்களையும் கூட்டினால் 12. பன்னிரண்டால் வகுத்தால் சராசரி 1%. ஒவ்வொரு மாத ரிட்டர்னும் இந்த 1-லிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே அட்டவணையின் நான்காவது பத்தி. முதல் மாதம் 3 − 1 = 2. ஐந்தாம் மாதம் −5 − 1 = −6.

இந்த விலக்கங்களை அப்படியே கூட்டிப் பாருங்கள், பூஜ்யம் வரும். எந்தப் பட்டியலாக இருந்தாலும் வரும், ஏனென்றால் சராசரி என்பதே மேலும் கீழும் சமன்படும் புள்ளி. (இது ஒரு நல்ல சோதனையும்கூட. பூஜ்யம் வராவிட்டால் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது.) பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் இருக்கத்தான் வர்க்கம் எடுக்கிறோம். −6 × −6 = 36.

வர்க்கப் பத்தியைச் சற்று நின்று பாருங்கள். மொத்தக் கூட்டல் 128. அதில் ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் மட்டும் 36 + 25 = 61. பன்னிரண்டில் இரண்டே மாதங்கள் கிட்டத்தட்டப் பாதியைத் தூக்கிக்கொண்டு போகின்றன. திட்ட விலக்கம் எப்போதும் இப்படித்தான்: பெரிய அசைவுகளுக்கு அது மிக அதிக எடை தரும், சின்ன அசைவுகளை ஏறக்குறைய மறந்துவிடும். இது பின்னால் தேவைப்படும்.

படி 3: 12-ஆல் அல்ல, 11-ஆல் வகுங்கள்

128-ஐ 11-ஆல் வகுத்தால் 11.64. பள்ளிப் பாடத்தில் 'விலக்க வர்க்கச் சராசரி' என்று படித்தது இதுதான். அதன் வர்க்கமூலம் 3.41. ஆக, மாதத் திட்ட விலக்கம் 3.41%.

ஏன் 11? நம்மிடம் இருப்பது ஃபண்டின் முழு வாழ்க்கை அல்ல, அதிலிருந்து கிள்ளி எடுத்த பன்னிரண்டு மாதங்கள். சராசரியையும் அதே பன்னிரண்டு மாதங்களிலிருந்துதான் எடுத்தோம். அதனால் அந்த எண்கள் தங்கள் சொந்தச் சராசரியை இயல்பாகவே ஒட்டி நிற்கும், உண்மையான பரவல் சற்றுக் குறைவாகத் தெரியும். ஒன்றைக் குறைத்து வகுப்பது அதைச் சரிக்கட்டுகிறது. 12-ஆல் வகுத்தால் 3.27 வரும். பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் உங்கள் எண்ணும் நண்பரின் எண்ணும் பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். எக்செல்லில் இரண்டுக்கும் தனித்தனி ஃபார்முலா உண்டு. நமக்கு வேண்டியது `STDEV.S`. `STDEV.P` என்பது 12-ஆல் வகுப்பது.

விலைகள் B2 முதல் B14 வரை இருந்தால்:

```
C3:  =B3/B2-1        (C14 வரை இழுக்கவும்)
C16: =AVERAGE(C3:C14)
C17: =STDEV.S(C3:C14)
C18: =C17*SQRT(12)
```

C17-இல் 3.41% வரவேண்டும். கடைசி வரி என்ன செய்கிறது என்பதுதான் அடுத்த படி.

படி 4: மாத எண்ணை ஆண்டு எண்ணாக்குதல்

மாதம் 3.41 என்றால் ஆண்டுக்கு 12 மடங்கு, அதாவது 40.9 என்று பெருக்கத் தோன்றும். அது தவறு. பன்னிரண்டு மாதமும் ஒரே திசையில் விலகினால்தான் அப்படி ஆகும். உண்மையில் ஒரு மாதம் மேலே போகும், இன்னொரு மாதம் கீழே வரும், ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். மாதங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அசைகின்றன என்று வைத்துக்கொண்டால், கூட்டிக்கொண்டே போகக்கூடியது விலக்க வர்க்கச் சராசரி மட்டுமே: 11.64 × 12 = 139.6. அதன் வர்க்கமூலம் 11.8. நேர்வழியில் சொன்னால் 3.41 × √12, அதாவது 3.41 × 3.464.

ஃபேக்ட்ஷீட்டில் இருந்த 11.8% இப்படித்தான் வந்தது. தினசரி ரிட்டர்னில் தொடங்கினால் பெருக்கவேண்டியது √252. ஓராண்டில் சந்தை இயங்கும் நாட்கள் சுமார் 252 என்பதால். 365 போட்டால் எண் வீங்கிவிடும். இரண்டு ஃபண்டுகளை ஒப்பிடும்போது ஒன்று மாத எண்ணாகவும் மற்றொன்று ஆண்டு எண்ணாகவும் இருந்துவிடக் கூடாது. 3.4-ஐயும் 11.8-ஐயும் பார்த்து முதலாவது பாதுகாப்பானது என்று நினைப்பவர், ஒரே ஃபண்டைத்தான் இரண்டு முறை பார்த்திருக்கிறார்.

படி 5: எண்ணை உங்கள் பணமாக மாற்றிப் பாருங்கள்

ரிட்டர்ன்கள் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் விழுகின்றன என்று வைத்துக்கொண்டால், மூன்றில் இரண்டு பங்கு ஆண்டுகள் சராசரிக்கு மேலும் கீழும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் இருக்கும்; நூற்றுக்கு 95 ஆண்டுகள் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் இருக்கும். நம் ஃபண்டில் ஆண்டுச் சராசரியைச் சுமார் 12 என்று எடுத்தால், முதல் எல்லை 0.2% முதல் 23.8% வரை. இரண்டாவது எல்லை −11.6% முதல் 35.6% வரை. 1,00,000 போட்டிருந்தால், மோசமான ஆண்டில் அது 88,400 ஆகலாம் என்பது இதன் பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கணக்கில் பலவீனமான எண் 11.8 அல்ல, 12 தான். பன்னிரண்டு மாதங்களிலிருந்து எடுத்த சராசரி, ஒரு திட்ட விலக்கத்தை √12-ஆல் வகுத்த அளவுக்கு இப்படியும் அப்படியும் தவறியிருக்கக்கூடும். நம் கணக்கில் அது 3.41 ÷ 3.464, கிட்டத்தட்ட 1%. மாதச் சராசரியே 1%. அதிலுள்ள தடுமாற்றமும் 1%! அதாவது இந்த ஃபண்டின் உண்மையான சராசரி பூஜ்யமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆகவே இறக்கத்தைக் கணிக்கும்போது நடுப்புள்ளியைக் கஞ்சத்தனமாக வையுங்கள். 12-க்குப் பதில் 6 என்று எடுத்தால் மோசமான எல்லை −17.6%, ஒரு லட்சம் 82,400 ஆகும். அந்த எண்ணைப் பார்த்து வயிறு கலங்கினால், இந்த ஃபண்டில் போடும் தொகையைக் குறைக்கவேண்டிய நேரம் அதுதான், இறங்கிய பிறகு அல்ல.

ஏற்ற இறக்கம் ரிட்டர்னையும் சற்றுத் தின்னும்

இன்னொரு ஃபண்ட், அதே பன்னிரண்டு மாதங்கள்: 1, 0, 2, 1, 1, −1, 2, 1, 2, 0, 2, 1. கூட்டினால் இதுவும் 12. சராசரி இதுவும் 1%. விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் மட்டும் 10. மாதத் திட்ட விலக்கம் 0.95%, ஆண்டுக்கு 3.3%.

சராசரி ஒன்றே என்றால் முடிவும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. முதல் ஃபண்டில் 100 போட்டது 111.97 ஆனது, இரண்டாவதில் 112.63 ஆகிறது. 10% இறங்கியதை 10% ஏற்றம் ஈடுகட்டாது, 11.1% வேண்டும் என்ற அதே விஷயம்தான். ஓராண்டில் இது அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய வித்தியாசம்தான். சதவீதங்களைத் தசமமாக எழுதிக் கணக்கிட்டால், இந்த இழப்பு விலக்க வர்க்கச் சராசரியில் சுமார் பாதி. அதனால் திட்ட விலக்கம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும்.

எங்கே ஏமாறுவோம்: எண் எடுத்த காலம்

ஐந்தாம் மாதத்தின் −5-ஐ மறுபடி பாருங்கள். ஃபண்டுகள் திட்ட விலக்கத்தைக் கடைசி இத்தனை மாதங்கள் என்று நகரும் சன்னலில் கணக்கிடுகின்றன. பெரும்பாலும் 36 மாதங்கள். ஒவ்வொரு மாதமும் புதியது ஒன்று உள்ளே வரும், பழையது ஒன்று வெளியே போகும். நம் பன்னிரண்டு மாதச் சன்னலிலிருந்து அந்த −5 வெளியேறி, அதன் இடத்தில் சாதாரணமான 1% வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1.5 ஆகும், வர்க்கக் கூட்டல் 128-லிருந்து 89-க்கு விழும், ஆண்டுத் திட்ட விலக்கம் 11.8-லிருந்து 9.9 ஆகிவிடும். ஃபண்ட் மேலாளர் ஒரு பங்கைக்கூட மாற்றவில்லை. ஃபண்ட் "அமைதியாகிவிட்டது" என்று தோன்றும். உண்மையில் நாட்காட்டிதான் நகர்ந்திருக்கிறது.

2020 பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் இடையில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 34% இறங்கியது. 2019 முடிவில் மூன்றாண்டுத் திட்ட விலக்கத்தைப் பார்த்து முடிவெடுத்தவர் கண்ணில் அதன் நிழல்கூடப் பட்டிருக்காது. ஆகவே எண்ணைப் பார்த்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி: இந்தக் காலத்துக்குள் ஒரு பெரிய இறக்கமாவது இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் நீண்ட காலத்துக்கு விலைகளை இறக்கி நீங்களே போட்டுப் பாருங்கள்.

எத்தனை மாதம் போதும்? 12 மாதங்களில் கிடைக்கும் திட்ட விலக்கம் சுமார் 20 சதவீதம் அளவுக்குத் தவறக்கூடும், 11.8 என்பது 9.5 ஆகவோ 14 ஆகவோ இருக்கலாம். 36 மாதங்களில் அந்தத் தடுமாற்றம் 12 சதவீதமாகவும், 60 மாதங்களில் 9 சதவீதமாகவும் குறையும். 11.8-க்கும் 12.3-க்கும் இடையில் எதைத் தேர்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பொருளில்லை. 8-க்கும் 16-க்கும் இடையிலான வித்தியாசம்தான் வித்தியாசம்.

வரிசை அதற்குத் தெரியாது

அதே பன்னிரண்டு ரிட்டர்ன்களை எடுத்து வரிசையை மட்டும் மாற்றுவோம். நட்ட மாதங்கள் ஐந்தும் முதலில் வரட்டும்: −5, −3, −2, −1, −1. பிறகு லாப மாதங்கள். சராசரி அதே 1%. திட்ட விலக்கம் அதே 3.41%. ஆண்டு முடிவில் விலையும் அதே 111.97. ஆனால் ஐந்தாம் மாத முடிவில் விலை 88.51, முதலீட்டில் 11.5% காணாமல் போயிருக்கும். முதல் வரிசையில், உச்சத்திலிருந்து ஏற்பட்ட மிகப் பெரிய சரிவே 5% தான்.

ஐந்து மாதம் தொடர்ந்து சிவப்பைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஆறாம் மாதம்வரை இருந்திருப்பார்கள்? முதலீட்டாளரை விற்க வைப்பது இந்தத் தொடர் சரிவுதான், அதைத் திட்ட விலக்கம் பார்ப்பதே இல்லை. அதனால் அதன் பக்கத்திலேயே இன்னொரு பத்தி போடுங்கள்: ஒவ்வொரு மாத விலையையும் அதுவரையிலான அதிகபட்ச விலையால் வகுத்து 1-ஐக் கழித்து, வந்த எண்களில் மிகக் கீழானதை எடுங்கள்.

```
D2: =B2/MAX(B$2:B2)-1     (D14 வரை இழுக்கவும்)
    =MIN(D2:D14)
```

நம் அட்டவணைக்கு இது −5% தரும். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு ஃபண்டைப் பற்றி முடிவுக்கு வரவேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மணி வடிவம் என்ற அனுமானமும் விளிம்பில் உடையும். 1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6% விழுந்தது. பங்குச் சந்தைக் குறியீடு ஒன்றின் தினசரித் திட்ட விலக்கம் வழக்கமாக 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இருபது திட்ட விலக்கத்துக்கும் மேலான அசைவு, அந்தப் பரவலின்படி பிரபஞ்சத்தின் ஆயுளுக்குள்ளேயே நடந்திருக்கக் கூடாது. ஆனால் ஒரு திங்கட்கிழமை நடந்தது. "95 சதவீதம்" என்ற எல்லையை வழக்கமான ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடிக்கு அதை நம்பாதீர்கள்.

எண் மிகக் குறைவாக இருந்தால்

குறைந்த திட்ட விலக்கம் எப்போதும் நல்ல செய்தி அல்ல. தினமும் கைமாறாத சொத்துகள், உதாரணமாகக் கட்டடங்கள், தனியார் நிறுவனப் பங்குகள், அரிதாக விற்பனையாகும் கடன் பத்திரங்கள் ஆகியவற்றை வைத்திருக்கும் ஃபண்டில் யூனிட் விலை சந்தையிலிருந்து வருவதில்லை. யாரோ மதிப்பிட்டு எழுதுவது. இந்த மாத மதிப்பீடு சென்ற மாத மதிப்பீட்டை ஒட்டியே இருக்கும். உண்மையில் 8% விழுந்த சொத்து, ஏட்டில் நான்கு மாதம் இரண்டிரண்டு சதவீதமாக இறங்கும். வர்க்கம் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்: 8-இன் வர்க்கம் 64, நான்கு 2-களின் வர்க்கக் கூட்டல் 16. அதே நட்டம், கணக்கில் கால்பங்கு.

மோசடியும் இதே முகத்தோடு வரும். 2008 டிசம்பரில் கைதான அமெரிக்க முதலீட்டு மேலாளர் பெர்னார்ட் மேடாஃப் வாடிக்கையாளர்களுக்குக் காட்டிய கணக்கில் நட்ட மாதங்கள் அரிதிலும் அரிது. அவர் சொன்ன உத்தியில் அத்தனை சீரான ரிட்டர்ன் வர முடியாது என்று ஹாரி மார்கோபோலோஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுதிக் கொடுத்திருந்தார்.

இப்படி வழவழப்பாக்கப்பட்ட விலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குறைந்தது ஐந்தாண்டு விலைகள் வேண்டும். மாத ரிட்டர்னில் போட்டு √12-ஆல் பெருக்கிய ஆண்டு எண்ணை ஒரு பக்கம் எழுதுங்கள். அதே விலைகளில் மூன்று மாதத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக் காலாண்டு ரிட்டர்னாக மாற்றி, திட்ட விலக்கம் போட்டு, √4 அதாவது 2-ஆல் பெருக்குங்கள். மாதங்கள் தனித்தனியாக அசைந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். காலாண்டு எண் கணிசமாகப் பெரிதாக இருந்தால், மாத விலைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. படி 4-இல் நாம் வைத்த அனுமானம் அந்த ஃபண்டுக்குப் பொருந்தவில்லை. அப்போது ஃபேக்ட்ஷீட்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் போட்ட அந்தப் பெரிய எண்ணை வைத்துப் படி 5-ஐ மறுபடி செய்யுங்கள்.